இரவில எடுத்த அப்பாவைப் பகல் படத்துக்குள்ள கொண்டுவாறது

கேள்வி: "அப்பா இப்ப இல்ல. அவர்ட நல்ல படம் எண்டு இருக்கிறது அக்காட கல்யாண ரிசெப்ஷன்ல இரவு ஃபோன்ல எடுத்தது மட்டும்தான். அதை வெட்டி, காலமை வெயிலுக்க எடுத்த எங்கட குடும்பப் படத்தில வைக்கோணும். வெளிச்சத்தைக் கூட்டினா முகம் முழுக்கப் புள்ளி, மஞ்சளைக் குறைச்சா ஊதாவாப் போகுது. எங்க பிழை விடுறன்? ரெண்டு படமும் கீழ போட்டிருக்கிறன்."

புள்ளி வாறதும் ஊதாவாப் போறதும் ஒரே இடத்தில இருந்துதான் வருது, உங்கட இரவுப் படத்தின்ட நீலச் சனல்ல இருந்து, அதாவது நிறப் படத்தை உண்டாக்கிற சிவப்பு, பச்சை, நீலம் எண்ட மூண்டு அடுக்கில நீல அடுக்கில இருந்து. நான் வெள்ளவத்தையில ஒரு ஸ்டூடியோவில 16 வருஷமாப் படம் திருத்திற வேலை செய்யிறன், அந்தியேட்டிக் கல்வெட்டுக்கு எண்டு இப்பிடிக் கல்யாண வீட்டுப் படங்கள்தான் கூடுதலா வரும், கிட்டத்தட்ட எல்லாத்திலயும் இதே பிரச்சினைதான். ரெண்டு படத்தையும் இறக்கி ஃபோட்டோஷொப்ல அளந்து பாத்திட்டுத்தான் எழுதுறன், எண்களோட சொன்னா உங்களுக்கும் விளங்கும்.

அப்பா போட்டிருக்கிற வெள்ளைச் சட்டையில, காலருக்குக் கீழ, சைபரில இருந்து 255 வரைக்குமான அளவில சிவப்பு 118, பச்சை 92, நீலம் 51. வெள்ளை எண்டா மூண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில நிக்கோணும். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில நீலம் மிச்சம் குறைவு, அதால கமராவுக்கு நீலச் சனல்ல கிடைச்ச வெளிச்சமே கொஞ்சம்தான். இப்ப பகல் படத்தில மாமரத்துக்குக் கீழ நிக்கிற தம்பியின்ட வெள்ளைச் சட்டையைப் பாருங்கோ, 158, 164, 172. அப்பாவைத் தம்பிக்குப் பக்கத்தில நிப்பாட்டோணுமெண்டா 51ஐ 172 ஆக்கோணும். திரையில காட்டுற எண்கள் உண்மையான வெளிச்சத்தின்ட அளவு இல்ல, அது வளைச்சு எழுதின கணக்கு. உண்மையான வெளிச்சமா மாத்திப் பாத்தா சிவப்பைக் கிட்டத்தட்ட 2 மடங்கு கூட்டினாப் போதும், பச்சையை மூண்டரை மடங்கு, நீலத்தை மட்டும் 12 மடங்குக்கு மேல கூட்டோணும். நீலத்தில கிடந்த புள்ளியும் அதோட சேந்து 12 மடங்கு பெருகும். புதுசாப் புள்ளி ஒண்டும் உண்டாகேல்ல, இருட்டுக்க மறைஞ்சு கிடந்ததை நீங்கள் வெளிச்சத்துக்குக் கொண்டந்திட்டியள், அவ்வளவுதான்.

ஊதா எப்பிடி வருதெண்டா, நீலச் சனல் முடி, கழுத்து மடிப்பு மாதிரி இருட்டான இடங்கள்ல சைபருக்குக் கிட்ட நிக்குது. புள்ளி எண்டிறது மேலயும் கீழயும் ஆடுற ஒண்டு, ஆனா சைபருக்குக் கீழ எழுதேலாது, அதால கீழ போற ஆட்டம் வெட்டுப்பட்டு மேல போறது மட்டும் மிஞ்சும். அப்ப கறுப்பா இருக்கவேண்டிய இடத்தின்ட சராசரி நீலம் கொஞ்சம் கூடித் தெரியும், அதைப் பெருக்கினா முடி ஊதாவாகும். இதால மஞ்சளைக் குறைக்கிற டெம்பரேச்சர் ஸ்லைடரை முழுப் படத்துக்கும் இழுத்தா முகம் சரியாகிற நேரம் முடி பிழைக்கும், முடியைப் பாத்தா முகம் மஞ்சளா நிக்கும்.

அதால முதல் முடிவு, அப்பாவை எங்க நிப்பாட்டிறது எண்டிறதுதான், கனபேர் இதைக் கடைசியா யோசிக்கிறவை. உங்கட பகல் படத்தில அக்காவும் அத்தானும் வெயிலுக்க நிக்கினம், அம்மாவும் தம்பியும் நிழலுக்க. வெயில் பக்கம் அத்தான்ட சட்டை 235 அளவில நிக்குது. அப்பாவை அங்க வைச்சா நீலத்தைக் கிட்டத்தட்ட 25 மடங்கு கூட்டோணும், அதாவது நிழல்ல வைக்கிறதைவிட ரெட்டிப்பு. அதோட வெயிலுக்க நிக்கிற ஆளுக்கு மூக்குக்குக் கீழ, நாடிக்குக் கீழ கூர்மையான நிழல் விழும், மண்டப வெளிச்சத்தில எடுத்த முகத்தில அது இல்ல, கையால வரைஞ்சு நம்பவைக்கிறது சரியான கஷ்டம். கொழும்பில ஏப்ரல் தொடக்கத்திலயும் செப்டம்பர் தொடக்கத்திலயும் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேர மேல நிக்கும், அந்த மாதிரி நேரத்துப் படமெண்டா கண்குழியே கறுத்துத்தான் கிடக்கும், அதுக்குள்ள இரவு முகம் ஒண்டு ஒட்டவே ஒட்டாது. நிழல்ல வாற வெளிச்சம் வானத்தில இருந்து பரவி வாறது, மண்டபத்தின்ட மெதுவான வெளிச்சத்துக்குக் கிட்ட. அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில, கொஞ்சம் பின்னால வையுங்கோ. அவர்ட முகத்தில வெளிச்சம் படத்தின்ட இடப்பக்கத்தால விழுது, நிழல்ல நிக்கிற ரெண்டு பேருக்கும் திறந்த வெளி இடப்பக்கம்தான் இருக்கு, இது நல்ல பொருத்தம். பொருந்தாட்டிலும் முகத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பிப்போடாதேங்கோ, உச்சி பிரிச்ச பக்கமும் மச்சமும் சட்டைப் பொக்கற்றும் மாறிடும், அம்மா பாத்த உடன ஏதோ வித்தியாசம் எண்டு சொல்லுவா.

வேலை தொடங்க முதல் அசல் ஃபைலைத் தேடுங்கோ. நீங்கள் போட்டது 1200க்கு 1600 பிக்சல், வாட்ஸ்அப்பால வந்தது எண்டு பாத்த உடன தெரியுது. நீலச் சனலை மட்டும் திறந்து 200 வீதத்துக்குப் பெருப்பிச்சுப் பாருங்கோ, சதுரம் சதுரமாக் கட்டங்கள் தெரியும், அது ஜேபெக் இறுக்கினதின்ட அடையாளம். ஜேபெக் படத்தை 8க்கு 8 கட்டங்களாப் பிரிச்சுத்தான் அமத்தும், நிற விவரத்தை வழமையா இன்னும் பாதியாக் குறைச்சு வைக்கும், அதால நிறக் கட்டங்கள் 16க்கு 16 அளவில பெருசாத் தெரியும். இந்தக் கட்டங்களை 12 மடங்கு கூட்டினா என்ன வரும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. எடுத்த ஆளின்ட ஃபோன்ல அசல் 12 மெகாபிக்சல் ஃபைல் இருந்தா, அதில அப்பாட முகம் கிட்டத்தட்ட 980 பிக்சல் உயரம் இருக்கும். பகல் படத்தில தம்பியின்ட முகம் 320 பிக்சல்தான். திருத்தி முடிச்சு மூண்டில ஒண்டாச் சின்னதாக்கேக்க 9 பிக்சல் சேந்து ஒரு பிக்சல் ஆகும், தனித்தனியா ஆடுற புள்ளி அந்தச் சராசரியில மூண்டில ஒரு பங்காக் குறைஞ்சிடும், ஒரு ஃபில்டரும் போடாமலே. வாட்ஸ்அப்பும் சின்னதாக்கினதுதானே எண்டு கேப்பியள், ஓம், ஆனா அது சின்னதாக்கிப்போட்டு இறுக்கி அமத்தினதால சராசரியில கிடைச்ச நன்மையில ஒரு பங்கு போயிட்டுது. அசலை அனுப்பச் சொல்லேக்க டொக்யுமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்கோ. அதே நிமிஷத்தில எடுத்த வேற படம் ரெண்டு மூண்டு இருந்தா அதையும் கேளுங்கோ, ஆள் அசையாம நிண்ட 4 படத்தை ஒண்டுக்கு மேல ஒண்டு சரியாப் பொருத்திச் சராசரி எடுத்தா புள்ளி பாதியாகும்.

இனி வேலை. முதல்ல `Image > Mode > 16 Bits/Channel` ஆக்குங்கோ. இல்லாத விவரம் இதால வராது, ஆனா இனிச் செய்யிற ஒவ்வொரு கணக்கிலயும் மேற்கொண்டு உடையாது. அதுக்குப் பிறகு, வெளிச்சத்தைத் தொட முதல், இருட்டா இருக்கேக்கயே `Filter > Camera Raw Filter` திறந்து `Color Noise Reduction` மட்டும் 40, 50 வரைக்கும் கூட்டுங்கோ. பக்கத்தில இருக்கிற `Noise Reduction` ஸ்லைடரை 10, 15க்கு மேல கொண்டுபோகாதேங்கோ, அது தோலின்ட சொரசொரப்பையும் சேத்துத் தின்னும், முகம் மெழுகுப் பொம்மை மாதிரிப் போயிடும். புது ஃபோன்களின்ட நைட் மோட் எண்டா ஃபோனே பல படத்தைச் சேத்து வழிச்சுத்தான் தாறது, அப்பிடியான படத்துக்கு இந்த ரெண்டாவது ஸ்லைடரைத் தொடவே தேவையில்ல.

பிறகு நிறத்தைச் சரி பண்ணுறது. டெம்பரேச்சரை விட்டிட்டு ஒரு `Levels` லேயர் போடுங்கோ, சனல் சனலாப் போய் வலப்பக்க ஸ்லைடரை மட்டும் இழுங்கோ, சிவப்புக்கு 190, பச்சைக்கு 143, நீலத்துக்கு 76. இந்த எண்கள் வந்த வழி லேசு, நீலத்துக்கு 51ஐ 255ஆல பெருக்கி 172ஆல பிரிச்சா 76 வரும், மற்ற ரெண்டுக்கும் அதே கணக்கு. சைபர் சைபராவே நிக்க மேல உள்ளது மட்டும் நேர்கோடா விரியும், அதால கறுப்பு கறுப்பாவே இருக்கும். நடு ஸ்லைடரை இழுத்தோ `Curves`ல நடுவைத் தூக்கியோ வெளிச்சம் கூட்டினா இருட்டுப் பகுதிதான் கூடுதலாத் தூக்குப்படும், புள்ளி எல்லாம் கிடக்கிறதும் அங்கதான், உங்களுக்குச் சாம்பல் படிஞ்ச மாதிரி முகம் வந்தது அதாலதான் எண்டு நினைக்கிறன். நெத்தியில எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிற இடத்தில சிவப்பு 190ஐத் தாண்டி நிண்டா அது வெட்டுப்பட்டு வெறும் திட்டாகும், அப்பிடி வந்தா சிவப்பை 210க்கு விட்டு மிச்சத்தைப் பிறகு மெதுவாக் கூட்டுங்கோ.

நான் சட்டையை நடுச் சாம்பலா ஆக்கச் சொல்லாம தம்பியின்ட சட்டையைப் பாத்து அளக்கச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. மர நிழல்ல விழுறது நீல வானத்தின்ட வெளிச்சம், அங்க வெள்ளையே கொஞ்சம் நீலம் பாரிச்சுத்தான் நிக்கும், 158க்கு 172 வந்தது அதாலதான். அப்பாவை மட்டும் சுத்தமான வெள்ளைக்குத் திருத்தினா, பக்கத்தில நிக்கிற எல்லாரும் நீலமா நிக்கேக்க அவர் மட்டும் மஞ்சளாத்தான் தெரிவார், கண் பக்கத்தில இருக்கிறதோடதான் ஒப்பிட்டுப் பாக்கும்.

இவ்வளவும் செய்தாலும் நீலச் சனல் ஊத்தையாத்தான் இருக்கும். 76 படியில இருந்ததை 255க்கு இழுத்திருக்கிறம், இடையில படி இல்ல. இதுக்கு நான் எப்பவும் செய்யிற வேலை, முகத்தின்ட விவரத்தைப் பச்சைச் சனல்ல இருந்து எடுக்கிறது. சனல் பெட்டியில பச்சையை மட்டும் கிளிக் பண்ணி `Ctrl+A`, பிறகு `Ctrl+Shift+C`, திரும்ப RGBக்கு வந்து `Ctrl+V` அடிச்சா கறுப்பு வெள்ளையா ஒரு லேயர் வரும், அதின்ட பிளெண்ட் மோடை `Luminosity` ஆக்குங்கோ, 60, 70 வீதம் போதும். இப்ப கண் பாக்கிற வெளிச்ச விவரம் கூடுதலாச் சுத்தமான பச்சையில இருந்து வருது, கீழ இருக்கிற லேயர் நிறத்துக்கு மட்டும்தான். நிறம் கொஞ்சம் மங்கலா இருந்தாக் கண் கண்டுபிடிக்காது, அதால கீழ லேயரை இன்னும் கொஞ்சம் வழிச்சு விடலாம், சொண்டு, காலர் விளிம்பு, நெத்தியில பொட்டு மாதிரி நிறம் சட்டெண்டு மாறுற இடங்களை மட்டும் மாஸ்க்கால காப்பாத்துங்கோ. சிவப்புச் சனல் இன்னும் சுத்தம்தானே, அதை எடுத்தா என்ன எண்டு சிலபேர் கேக்கிறவை. சிவப்பில எங்கட தோல் வெளிறித் தெரியும், சொண்டும் முகச் சுருக்கமும் மறைஞ்சிடும், அப்பா பத்து வயசு குறைஞ்ச வேற ஆள் மாதிரி இருப்பார். ஸ்டூடியோவில தொடங்கின காலத்தில ஒரு அம்மாட படத்துக்கு நான் அப்பிடிச் செய்து குடுத்து, மகள் வாங்கிப் பாத்திட்டு இது அம்மா இல்லையே எண்டு சொன்னது இண்டைக்கும் மனசில கிடக்கு.

கழுத்தின்ட இருட்டுப் பக்கத்தைத் தனியாப் பாக்கோணும். உங்கட படத்தில வலப்பக்கமாத் தெரியிற காதுக்குக் கீழ நீலம் 0, 2, 0 எண்டுதான் நிக்குது, சைபரை எதால பெருக்கினாலும் சைபர்தான், அந்த இடம் செம்மஞ்சள் திட்டாவே நிக்கும். அங்க நிறம் எண்டு ஒண்டு பதிவாகவே இல்ல. வெளிச்சம் விழுந்த கன்னத்தில இருந்து திருத்தின தோல் நிறத்தை எடுத்து, புது லேயர் ஒண்டில, பிளெண்ட் மோட் `Color` போட்டு, மெல்லிய பிரஷ்ஷால தடவுங்கோ, 30, 40 வீதத்தில ரெண்டு மூண்டு தரம். முடி ஊதாவா நிண்டா அதுக்கும் இதே லேயர்தான், பிரஷ்ஷுக்கு நிறமே இல்லாத சாம்பலை எடுத்துத் தடவினா ஊதா போயிடும்.

வெட்டுறதுக்கு ஒரு சின்ன வழி, படத்தின்ட கொப்பி ஒண்டைக் கண்மூடித்தனமா வெளிச்சமாக்கி, விளிம்பு எது பின்சுவர் எது எண்டு தெரியிற மாதிரி வைச்சு அதில மாஸ்க் செய்யுங்கோ, பிறகு அந்த மாஸ்க்கை நல்ல லேயருக்கு மாத்துங்கோ. முடிதான் கஷ்டம். கறுப்பு முடி, கறுப்புப் பின்னணி, எங்க முடி முடியுது எண்டு படத்துக்கே தெரியாது, எந்தச் செலக்ஷன் டூலும் இல்லாததைக் கண்டுபிடிக்காது. நான் மண்டை ஓட்டத்துக்குள்ள கொஞ்சம் இறுக்கி வெட்டிட்டு, வெளி மயிர்களை 1, 2 பிக்சல் பிரஷ்ஷால கையால வரைவன், அப்பாட வேற படம் ஒண்டைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு. சட்டை விளிம்பிலயும் இருட்டுப் பின்னணி ஒரு கறுப்புக் கோடா ஒட்டிக்கொண்டு வரும், இரவுப் படத்தைப் பகலில வைச்சது எண்டு முதல்ல காட்டிக்குடுக்கிறது அந்தக் கோடுதான், மாஸ்க்கை 1 பிக்சல் உள்ளுக்கு இழுங்கோ. அம்மாட தோளுக்குப் பின்னால வைக்கச் சொன்னதில இன்னொரு நன்மை, ஒரு பக்க விளிம்பு முழுக்க அவவின்ட சீலைக்குப் பின்னால மறைஞ்சிடும், காலும் தெரியாது, நிலத்தில நிழல் வரையிற தேவையும் இல்ல. அம்மாட தோள் அப்பாட சட்டையில தொடுற இடத்தில மட்டும் மெல்லிசா ஒரு நிழல் வேணும்.

கடைசியா, எல்லாம் சின்னதாக்கி வைச்ச பிறகு 100 வீதத்தில வைச்சு அப்பாட கன்னத்தையும் தம்பியின்ட கன்னத்தையும் மாறி மாறிப் பாருங்கோ. பகல் படத்திலயும் கொஞ்சம் மணல் மாதிரி இருக்கும், அப்பாட முகம் அதைவிட வழுவழுப்பா நிண்டா அவர் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரித் தெரிவார். `Filter > Noise > Add Noise`ல `Gaussian`, `Monochromatic` ரெண்டையும் தெரிவுசெய்து 1, 2 வீதம் போட்டுத் தம்பியோட ஒத்துப்போற அளவில நிப்பாட்டுங்கோ. பிறகு சனல் ஒவ்வொண்டாத் திறந்து பாருங்கோ, முழுப் படத்தில நல்லாத் தெரியிற பிழை எல்லாம் நீலச் சனல்ல மட்டும் பாத்தா அப்பிடியே வெளியில வரும். கறுப்பையும் ஒருக்கா ஒப்பிடுங்கோ, தம்பியின்ட முடி 22, 24 அளவில நிக்கேக்க அப்பாட முடி 8இல நிண்டா கொஞ்சம் தூக்கிவிடோணும், பகல் வெளிச்சத்தில ஒண்டுமே முழுக் கறுப்பா இருக்காது.

சட்டையின்ட நிறமும் புள்ளி குறையிற அளவும் கணக்கால வாறது, அதில எனக்குச் சந்தேகம் இல்ல. `Levels` எண்கள் மட்டும் கொஞ்சம் முன்ன பின்ன வரலாம், ஃபோன் தன்ட பாட்டில வெளிச்சத்தை வளைச்சுத்தான் ஜேபெக் எழுதுறது, அதால நடுப்பகுதி சரியா வந்தாலும் இருட்டுப் பக்கம் கொஞ்சம் சிவந்து நிக்கக்கூடும். தோல் நிறத்தை நான் உறுதியாச் சொல்லமாட்டன். மஞ்சள் வெளிச்சத்தில எடுத்த படத்தில இருந்து அவர் பகல்ல எந்த நிறமா இருந்தார் எண்டு எண்ணால கண்டுபிடிக்கேலாது, அதோட மேடைப் பக்கம் இருந்து நீல எல்ஈடி வெளிச்சமும் படத்தில இடப்பக்கமாத் தெரியிற அவர்ட காதில பட்டிருக்கு. பழைய அடையாள அட்டைப் படத்தை நம்பாதேங்கோ, அது வெளிறி இருக்கும். பகல்ல எடுத்த எந்தப் படமெண்டாலும், மங்கலாக் கிடந்தாலும் பரவாயில்ல, நிறத்துக்கு அதைப் பாருங்கோ, இல்லாட்டி அம்மாவைப் பக்கத்தில இருத்தி ரெண்டு மூண்டு அளவில காட்டிக் கேளுங்கோ.

அசல் ஃபைல் கிடைச்சா நான் தந்த 190, 143, 76ஐ அப்பிடியே போடாம சட்டையில திரும்ப அளவுங்கோ, இறுக்காத ஃபைல்ல நீலம் 51 எண்டுதான் நிக்கும் எண்டில்ல. அளந்த எண்ணை இங்க போட்டா மிச்சக் கணக்கை நான் செய்து தாறன்.